புதுப்பிப்பு: 2020 மார்ச் 23 அன்று என் விற்பனை விதி எவ்வளவு இழந்திருக்கும்?

முன்பு நான் கேட்டது: “10 லட்சத்தில் 6 லட்சம் நிஃப்டியில், மீதி லிக்விட் ஃபண்டில்; 5 சதவீதம் இறங்கினால் விற்கும் விதி இருந்தால், பெருவீழ்ச்சி நாளில் இழப்பு 30,000 தானா?”

இல்லை. இறுதி விலைகளை மட்டும் வைத்துக் கணக்கிட்டதே என் பிழை என்றும், தொடக்க விலையைப் பார்க்க வேண்டும் என்றும் இங்கே ஒரு முன்னாள் தரகர் சுட்டிக்காட்டியது முழுக்கச் சரி. முந்தைய வர்த்தக நாளில் 8,745இல் முடிந்த நிஃப்டி, அன்று காலை 7,945 அருகே, அதாவது 9 சதவீதத்துக்கும் மேல் சரிந்து திறந்ததால், 5 சதவீத விலையில் விற்க வாய்ப்பே இருக்கவில்லை. தொடக்க விலையே கிடைத்திருந்தாலும் இழப்பு ஏறத்தாழ 55,000.

“சர்க்யூட் இருப்பதால் 10 சதவீதத்துக்கு மேல் போகாது” என்ற நண்பர் பாதி சரி: 10 சதவீதம் சரிந்ததும் சர்க்யூட் விதிப்படி வர்த்தகம் 45 நிமிடம் நின்றது; மீண்டும் திறந்தபின் சரிவு தொடர்ந்து, 7,610இல், 13 சதவீத வீழ்ச்சியோடு முடிந்தது. விற்காமல் இருந்தவருக்கு அன்றைய இழப்பு சுமார் 78,000.



விற்றபின் எப்போது மீண்டும் வாங்குவது என்பதை என் விதி சொல்லவில்லை. மறுநாள் நிஃப்டி உயர்ந்தே முடிந்ததால், மீண்டும் வாங்குவதைச் சேர்க்காமல் விதியைக் குறைகூறவோ ஏற்கவோ எனக்கு மனமில்லை. அடுத்து 2004 மே 17ஐச் சோதிக்கிறேன். அன்று வர்த்தகம் இருமுறை நின்றது.