பத்திரிகைக்கு ஒரு குறிப்பு

(எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஜூலை மாதத்து ஞாயிறு ஒன்றில் நடந்த உரையாடல். பெயர்கள் என் கைபேசியில் இருக்கிறபடி.)

அக்கா, காலை 7.12
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பள்ளிப் பிள்ளைகளின் ஓவியக் கண்காட்சி மாதக் கடைசியில் நடக்கிறது. நாளிதழ்களுக்கு அனுப்ப ஒரு செய்திக்குறிப்பு எழுதியிருக்கிறேன். பெரியப்பா, பார்த்துச் சொல்லுங்கள்.

"காவிரியின் மகள் என்று போற்றப்படும், 23 ஏக்கர் பரப்பில் விரிந்து கிடக்கும் ஹரித்ராநதித் தெப்பக்குளம் மன்னார்குடிக்குக் கிடைத்த மாபெரும் வரம். கலை மனித மனத்தின் கண்ணாடி. அந்த வகையில் எங்கள் பள்ளி மாணவியர் தங்கள் கைவண்ணத்தைக் காட்டும் ஓவியக் கண்காட்சியைத் தலைமை ஆசிரியை தலைமையில், பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் முன்னிலையில், சிறப்பு விருந்தினர் குத்துவிளக்கேற்றித் தொடங்கி வைக்கிறார். வரும் 26-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கு மேல்கரை மண்டபத்தில் நடைபெறும் இவ்விழாவுக்கு அனைவரும் வருக."

அத்தை, 7.20
நல்ல காரியம் அம்மா. பத்திரிகை எத்தனை அடிக்கப் போகிறாய்? நான்கு மூலையிலும் மஞ்சள் தடவ மறக்காதே. நம் தெருவுக்கே பதினைந்து வேண்டும்.

நான், 7.21
அத்தை, கல்யாணப் பத்திரிகை இல்லை. நாளிதழ்.

அத்தை, 7.23
எதுவாக இருந்தாலும் மஞ்சள் தடவினால் குறைந்துவிடுமா? படங்களை விற்பார்களா என்று கேட்டுச் சொல். கூடத்துச் சுவரில் காலண்டர் மட்டும்தான் தொங்குகிறது.

சித்தப்பா, 7.40
அருமையாக எழுதியிருக்கிறாய். ஒரே குறை. சிறப்பு விருந்தினர் பெயர் முதல் வரியிலேயே வர வேண்டும். பெயரைக் கீழே தள்ளினால் மனிதர் வருத்தப்படுவார். பெயர் இருந்தால்தான் பத்திரிகைக்காரர்களும் போடுவார்கள்.

பெரியப்பா, 8.05
காபி குடித்துவிட்டு இரண்டு முறை படித்தேன். அம்மா, ஒரு கேள்வி. இதைப் படித்துவிட்டு ஒருவர் கண்காட்சிக்குக் கிளம்ப வேண்டும் என்றால் எத்தனையாவது வாக்கியத்தில் அவருக்கு வழி தெரிகிறது?

அக்கா, 8.07
கடைசி வாக்கியத்தில்.

பெரியப்பா, 8.16
அதுதான் முதலில் வெட்டுப்படும் வாக்கியம். மாவட்டப் பக்கம் கட்டும்போது ராத்திரி திடீரென்று ஒரு விளம்பரம் வரும். நம் செய்திக்கு எட்டு வரி இருந்த இடத்தில் நான்கு வரிதான் மிஞ்சும். அந்த நேரத்தில் யாரும் திருப்பி எழுதிக்கொண்டிருக்க மாட்டார்கள், கீழிருந்து எடுத்துவிடுவார்கள். 27 ஆண்டு நானும் அப்படித்தான் எடுத்தேன். உன் குறிப்பில் நான்கு வரி மிஞ்சினால் காவிரியின் மகள் இருப்பாள், கண்ணாடி இருக்கும், கண்காட்சி இருக்காது.

சித்தப்பா, 8.20
அண்ணா சொல்வது உண்மை. இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் நூலக வாசகர் வட்டத்தின் கூட்டத்துக்குச் செய்தி கொடுத்தோம். இரண்டு பத்தி வந்தது. இடம் மூன்றாவது பத்தியில் இருந்தது. அன்றைக்கு வந்தவர்கள் நாங்கள் ஒன்பது பேர்தான், ஒன்பது பேரும் வாசகர் வட்டத்தின் நிர்வாகிகள்.

தம்பி, 8.22
😂

பெரியப்பா, 8.31
ஆகவே முதல் பத்தி தனியாக நின்றாலும் பிழைக்க வேண்டும். என்ன, யாருடையது, எங்கே, எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை. அதற்குமேல் அங்கே எதுவும் வேண்டாம். ஹரித்ராநதி எத்தனை ஏக்கர் என்று மன்னார்குடிக்காரனுக்குச் சொல்லி ஆவதென்ன? அவன் தினமும் அதைச் சுற்றித்தான் சைக்கிள் விடுகிறான். இது நம் மாவட்டப் பக்கத்தில் வரப்போகும் செய்தி. ஏக்கர் கணக்கு இருக்கட்டும், கடைசியில் இருக்கட்டும். வெட்டினால் போகட்டும்.

இன்னொன்று. "எங்கள் பள்ளி" என்று எழுதாதே. அச்சில் வரும்போது அது நாளிதழின் பள்ளி ஆகிவிடும். பள்ளியின் பெயரைப் போடு. "மாபெரும்", "கண்ணாடி" இரண்டையும் நிருபரே அடித்துவிடுவார், அவருக்கு ஏன் அந்த வேலை?

நான், 8.35
காலண்டரைப் பார்த்தேன். ஜூலை 26 சனிக்கிழமை. ஞாயிறு 27.

அக்கா, 8.36
ஐயோ. தொடக்கம் சனிக்கிழமைதான். இரண்டு நாளும் கண்காட்சி உண்டு.

பெரியப்பா, 8.41
நல்ல வேளை. தேதியும் கிழமையும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்றால் நிருபர் தொலைபேசியில் கேட்பார். அவசரத்தில் இருந்தால் கேட்காமல் ஏதோ ஒன்றைப் போட்டுவிடுவார். அதனால்தான் இரண்டையும் எழுதச் சொல்வது, ஒன்று மற்றதைக் காவல் காக்கும். "வரும்", "நாளை" எதுவும் வேண்டாம். நீ அனுப்புவது ஒரு நாள், அச்சாவது ஒரு நாள். அச்சாகும் நாளுக்கு ஏற்றபடி "நாளை" என்று அவர்களே மாற்றிக்கொள்வார்கள்.

இரண்டு நாள் என்பதே உன் குறிப்பில் இல்லையே? 10 மணிக்கு விழா என்று மட்டும் இருந்தால், மத்தியானம் வர நினைப்பவன் முடிந்துபோயிருக்கும் என்று வீட்டிலேயே இருந்துவிடுவான்.

அக்கா, 8.44
இரண்டு நாளும் காலை 10 முதல் மாலை 6 வரை. அனுமதி இலவசம்.

சித்தப்பா, 8.50
எல்லாம் சரி. விருந்தினர்?

பெரியப்பா, 8.58
தம்பி, நீ சொல்வதில் பாதி சரி. விழா முடிந்த மறுநாள் அனுப்பும் செய்தியில் விளக்கேற்றியவர் மேலே வரலாம், அன்றைக்கு நடந்த செய்தியே அதுதான். விழாவுக்கு முன்னால் அனுப்புவது வேறு. அதைப் படிப்பவனுக்கு வேண்டியது வழி. விருந்தினர் மூன்றாம் பத்தியில் ஒரு வாக்கியமாக வரட்டும். அவர் கையில் கொடுக்கும் அழைப்பிதழில் பெரிய எழுத்தில் முதலில் போடுங்கள். அதில் யாரும் வெட்ட மாட்டார்கள்.

சித்தப்பா, 9.01
இரண்டாம் பத்தியாவது கொடுங்கள் அண்ணா.

பெரியப்பா, 9.09
இரண்டாம் பத்தியில் என்ன இருக்கிறது என்று முதலில் பார்ப்போம். அம்மா, பிள்ளைகள் எதை வரைந்தார்கள்? "கைவண்ணம்" என்றால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பூச்சாடியா, மயிலா?

அக்கா, 9.17
மயில் இல்லை பெரியப்பா. மார்ச் முதல் ஞாயிறு தொடங்கி ஜூன் கடைசி ஞாயிறு வரை, 18 ஞாயிறும், விடிந்ததும் குளக்கரைக்கு அழைத்துப் போனேன். 31 பிள்ளைகள். ஆளுக்கொரு இடம் பிடித்துக்கொண்டு அதே இடத்தைத்தான் வாரா வாரம் வரைய வேண்டும் என்று சொன்னேன். வெயில் ஏற ஏறத் தண்ணீர் இறங்கியது, ஒவ்வொரு படியாக வெளியே வந்தது. ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஒரே படித்துறையை 14 முறை வரைந்திருக்கிறாள். வரிசையாக மாட்டினால் தண்ணீர் இறங்குவது கண்ணுக்குத் தெரிகிறது. மொத்தம் 64 படம் மாட்டுகிறோம், எல்லாம் நீர்வண்ணம்.

பெரியப்பா, 9.19
இதை ஏன் எழுதவில்லை?

அக்கா, 9.20
எழுதினால் நீளமாகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

பெரியப்பா, 9.26
கண்ணாடிக்கு இடம் இருந்தது, இதற்கு இல்லையா! இதுதான் உன் இரண்டாம் பத்தி. கண்காட்சி எல்லா ஊரிலும் நடக்கிறது. ஒரே படித்துறையை ஒரு பிள்ளை 14 முறை வரைந்தது இங்கேதான் நடந்திருக்கிறது. நிருபர் படமெடுக்க வருவதாக இருந்தால் அந்தச் சுவருக்காகத்தான் வருவார்.

சித்தப்பா, 9.30
அப்படியானால் விருந்தினர் மூன்றாவதிலேயே இருக்கட்டும். அவரிடம் நீங்களே பேசிவிடுங்கள் அண்ணா.

தம்பி, 10.15
அக்கா, அழகாக வடிவமைத்திருக்கிறேன். பள்ளிச் சின்னம், ஓரத்தில் தாமரை, பின்னணியில் கோபுரம். இதையே படமாக அனுப்பிவிடலாம்.

பெரியப்பா, 10.22
கண்ணா, தாமரை நன்றாக இருக்கிறது. அதைக் குளக்கரையில் ஒட்டு. நிருபருக்குப் படமாக அனுப்பினால் அவர் உட்கார்ந்து திரும்பவும் தட்டச்சு செய்ய வேண்டும். 26 என்பது 28 ஆகிவிடுவது அப்போதுதான். மின்னஞ்சலின் உள்ளேயே எழுத்தாக, யூனிகோடில் அனுப்பு. பழைய எழுத்துருவில் அடித்தால் அந்தப் பக்கம் திறக்கும்போது புழுப் புழுவாகத் தெரியும்.

புகைப்படம் இரண்டு போதும், அவற்றைத் தனிக் கோப்பாக இணை. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும்.

அக்கா, 11.40
மறுபடி எழுதினேன். பள்ளி பெயரும் மண்டபத்தின் பெயரும் விருந்தினர் பெயரும் அனுப்பும்போது நிரப்பிவிடுவேன்.

"மன்னார்குடி, ஜூலை 20: மன்னார்குடி ______ பள்ளி மாணவியரின் ஓவியக் கண்காட்சி ஜூலை 26 (சனி), 27 (ஞாயிறு) ஆகிய இரு நாள்களும் ஹரித்ராநதி மேல்கரையில் உள்ள ______ மண்டபத்தில் காலை 10 மணி முதல் மாலை 6 மணி வரை நடைபெறுகிறது. அனுமதி இலவசம்.

ஹரித்ராநதியின் நீர்மட்டம் கோடையில் இறங்குவதை மார்ச் முதல் ஜூன் வரை 18 ஞாயிற்றுக்கிழமைகள் கரையில் அமர்ந்து 31 மாணவியர் வரைந்த 64 நீர்வண்ண ஓவியங்கள் இதில் இடம்பெறுகின்றன. ஒரே படித்துறையை ஏழாம் வகுப்பு மாணவி ஒருவர் 14 முறை வரைந்த ஓவியங்கள் ஒரே வரிசையில் வைக்கப்படுகின்றன.

கண்காட்சியைச் சனிக்கிழமை காலை 10 மணிக்கு ______ தொடங்கி வைக்கிறார். பள்ளித் தலைமை ஆசிரியை தலைமை வகிக்கிறார்.

ஹரித்ராநதித் தெப்பக்குளம் 23 ஏக்கர் பரப்பு கொண்டது. காவிரியின் மகள் என்று போற்றப்படுகிறது."

கீழே ஒரு கோடு போட்டு, "தொடர்புக்கு, வெளியிட அல்ல" என்று என் பெயரும் எண்ணும்.

பெரியப்பா, 11.52
மூன்றாம் பத்தியோடு நிறுத்தினாலும் நிற்கிறது. முதல் பத்தியோடு நிறுத்தினாலும் நிற்கிறது. அனுப்பலாம். புதன்கிழமைக்குள் அவர்கள் கையில் இருக்க வேண்டும், வெள்ளிக்கிழமை கொடுத்துவிட்டுச் சனிக்கிழமை தேடாதே.

நான், 11.55
அந்தப் பெண்ணின் பெயரைப் போட வேண்டாமா? 14 முறை வரைந்தவளுக்கு அதுதானே சந்தோஷம்.

அக்கா, 11.58
எனக்கும் ஆசைதான். அவள் அம்மா சம்மதிப்பாரா என்று தெரியவில்லை. நாளைக்குக் கேட்கிறேன்.

பெரியப்பா, 12.03
கேட்காமல் போடாதே. படத்தில் முகம் தெரிந்தால் அதற்கும் சேர்த்துக் கேள்.

சித்தப்பா, 12.05
பெயர் இல்லாமல் "மாணவி ஒருவர்" என்றால் செய்தி மொட்டையாக இருக்கிறது அண்ணா.

பெரியப்பா, 12.06
மொட்டையாகவே இருக்கட்டும். அம்மா சம்மதித்தால் முடி வளரும்.

அக்கா, மாலை 5.48
பழக்கமான நிருபர் ஒருவருக்கு முன்கூட்டியே காட்டினேன். படித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். படங்கள் விற்பனைக்கு உண்டா, உண்டென்றால் என்ன விலை, பணம் பிள்ளைகளுக்கா பள்ளிக்கா?

பெரியப்பா, 5.50
அட. எனக்குத் தோன்றவே இல்லையே. என்ன சொன்னாய்?

அக்கா, 5.51
தலைமை ஆசிரியையைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

அத்தை, 5.53
இதை நான் காலை 7.23-க்குக் கேட்டேன். அந்தப் படித்துறைப் படத்தில் ஒன்று எனக்கு. தண்ணீர் நிறைய இருப்பதாகப் பார்த்து எடுத்துவை.