அப்பா வெட்டுக்குப் போற நேரமும் பையன் ஷிப்ட் முடியுற நேரமும்

மலையோர வாசகி:
சாப்ட்வேர் வேலைக்கு ஊரைவிட்டுப் போகிற பிள்ளைகளைப் பற்றி இப்போது நிறையக் கதைகள் எழுதுகிறார்கள். நாகர்கோவிலில் நாங்கள் ஏழெட்டுப் பேர் மாதம் ஒருமுறை கூடிக் கைப்பிரதி வாசிப்போம். வருவதில் பாதி வடசேரி பஸ் ஸ்டாண்டில் அம்மா அழுவதோடு தொடங்கும். அடுத்த பத்தியில் ஓஎம்ஆர் கண்ணாடிக் கட்டடம். அங்கே அவன் என்ன வேலை செய்கிறான்? "திரையை வெறித்துக்கொண்டிருந்தான்." அவ்வளவுதான்.

போன மாதம் குலசேகரம் பக்கத்துப் பையன் ஒருவன் கதை கொண்டுவந்தான். அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர், மகன் சென்னையில் சப்போர்ட் வேலை. சாரல் மழையில், நடு மத்தியானத்தில் அப்பா பால் வெட்டுகிறார், மகனை நினைத்துக் கண் கலங்குகிறார். எங்கள் கூட்டத்தில் முப்பது வருடம் பால் வெட்டிய ஒரு அண்ணாச்சி உண்டு. "எந்த ஊருலலே மத்தியானம் வெட்டுவாவ?" என்றார். வெயில் ஏறினால் பால் சீக்கிரம் நின்றுவிடும். பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டின கோட்டைவிட்டு வழிந்து மரத்திலேயே பரவும், சிரட்டைக்கு வராது. அதனால்தான் இருட்டிலேயே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு போகிறார்கள்.

பையனுக்கு முகம் வாடிவிட்டது. நான்தான் மகனுடைய ஷிப்ட் எப்போது முடியும் என்று கேட்டேன். நியூயார்க் கம்பெனிக்கு வேலை, அங்கே சாயங்காலம் ஐந்தரைக்கு முடியும் என்றான். குளிர்காலத்தில் அது நமக்கு விடியற்காலை நாலு மணி. அப்பா மரத்தடிக்கு வருகிற அதே நேரம். கதை அங்கேதான் இருந்தது, அவன் பார்க்கவில்லை. இப்போது திருத்தி எழுதியிருக்கிறான்: மகன் கேப்பில் ரூமுக்குத் திரும்பும்போது கூப்பிடுகிறான், அப்பா காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு மரம் மரமாக நடக்கிறார். மார்ச் இரண்டாம் ஞாயிறு அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள். ஷிப்ட் நம்ம மூணு மணிக்கே முடிந்துவிடும், அப்பா தூங்கிக்கொண்டிருப்பார். போன் நின்றுபோகிறது. ஏன் என்று அவருக்குப் புரியவில்லை.

உங்களுக்கு இப்படி வாசித்த, எழுதிய அனுபவம் உண்டா?

தக்கலை மாமா:
எனக்க மவன் கழக்கூட்டம் டெக்னோபார்க்குக்குக் குழித்துறையில பாசஞ்சர் பிடிச்சுப் போறான், ராத்திரி வந்துடுவான். அவனுக்குச் சென்னையில நல்ல கம்பெனி ஏதும் தெரிஞ்சா சொல்லுங்க.

மலையோர வாசகி:
மாமா, இது கதையைப் பற்றிய பேச்சு! ஆனா உங்க மவன் கதையை யாரும் எழுதலையே. ஊரைவிட்டுப் போகாமலே தினமும் போகிறவன். நம்ம மாவட்டத்தில் அவனைப் போல எத்தனை பேர்!

சுசீந்திரம்காரன்:
இந்தத் தலைமுறைக்கு முன்னாடி வேலைக்காக ஊரைவிட்டுப் போற கதையே நம்ம பக்கம் கிடையாது. எல்லாம் ஐடி வந்தப்புறம்தான்.

பழைய புத்தகக்காரர்:
பாதிதான் சரி, தம்பி. ஐடி புதுசு, போறது பழசு. நாஞ்சில் நாடன் 1986-ல எழுதின 'மிதவை'யை எடுத்துப் பாரும். பட்டம் வாங்கின நாஞ்சில்நாட்டுப் பையன் வேலை தேடி பம்பாய்க்குப் போறான். இப்ப எழுதுறவங்க அதுல படிக்க வேண்டிய விஷயம் ஒண்ணு உண்டு: பசி, ரூம், வாடகை எல்லாம் அங்க கதைக்குள்ளயே இருக்கும். இப்பத்திய கதைகள்ல பையனுக்குச் சம்பளம் எவ்வளவு, ஊருக்கு எவ்வளவு அனுப்புறான்னு ஒரு வரிகூட இருக்காது. கேட்டா அது இலக்கியம் இல்லையாம்.

பெங்களூர் ரிட்டர்ன்:
நான் 2020 கொரோனாவுல மார்த்தாண்டம் பக்கம் வீட்டுக்கு வந்தவ. மொட்டைமாடித் தண்ணித் தொட்டி பக்கத்துல மட்டும்தான் சிக்னல், குடையைப் பிடிச்சுக்கிட்டு மீட்டிங் எடுத்தேன். அம்மா கீழ நின்னு, "மக்களே, யாருகிட்ட சண்டை போடுத?"ன்னு கேப்பா. வாசிக்கிற கதையில போறவன் எப்பவும் பையன், காத்திருக்கிறவ எப்பவும் அம்மா. எனக்கு அதுதான் எரிச்சல். உங்க குலசேகரம் கதையில அம்மா எங்க?

மலையோர வாசகி:
ஒட்டுப்பால் பொறுக்குகிறாள், ஒரே ஒரு வரியில். கேட்டது நியாயம்.

ரப்பர் அண்ணாச்சி:
நான்தான் அந்தக் கூட்டத்துல சத்தம் போட்டவன். திருத்தின கதையிலயும் ஒரு தப்பு கிடக்கு. மார்ச் மாசம் எங்க பக்கம் பல தோட்டத்துல வெட்டே கிடையாது. இலை உதிர்ந்து தளிர் விடுற காலம், மரத்துக்கு ஓய்வு குடுப்போம். அப்பம் அந்த மனுசன் நாலு மணிக்கு எதுக்கு எந்திக்கணும்? போன் நின்னதுக்குக் காரணம் அமெரிக்காவா மரமான்னு அவன்தான் முடிவு பண்ணணும்.

மலையோர வாசகி:
பையனிடம் சொன்னேன், அண்ணாச்சி. "வேலை இல்லாட்டியும் அப்பா நாலு மணிக்கு முழிச்சிருவாரே" என்றான். சரி, அதையே எழுது என்றேன். இன்னும் அனுப்பவில்லை.