கலைச்சொல் வேண்டும்: சக்கரத்துக்கும் பலகைக்கும் நடுவே விடும் இடத்துக்கு என்ன பெயர்?

கோத்தகிரி ஆசிரியை, திங்கள் இரவு

அனைவருக்கும் வணக்கம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு மோட்டார் வைத்த சின்ன ரோபோ வண்டி செய்கிறார்கள். செய்முறைத் தாளை நான் தமிழில் எழுதுகிறேன். பலகை வெட்டும் வரைபடம் வியாழன் காலை பஸ்ஸில் கோவை லேசர் கடைக்குப் போகிறது. தாளும் அதற்குள் அச்சாக வேண்டும்.

சேஸிக்கு அடிச்சட்டம், பேட்டரி வைக்கும் இடத்துக்குப் பேட்டரித் தட்டு என்று போட்டுவிட்டேன். மோட்டார் மவுண்டுக்கு மோட்டார் பிடிப்பு. (தாங்கி என்றுதான் முதலில் எழுதினேன். பேரிங்குக்கும் அதே சொல் இருப்பதால் விட்டேன்.) கிளியரன்ஸ்தான் நிற்கிறது.

போன வாரத் தாளில் ‘சக்கர இடைவெளி குறைந்தது 4 மி.மீ.’ என்று எழுதியிருந்தேன். சக்கரத்தின் உள்முகத்துக்கும் பலகை விளிம்புக்கும் நடுவே விட வேண்டிய இடத்தைச் சொன்னேன். பிள்ளைகள் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே அளவுகோலை வைத்தார்கள். 13 செ.மீ. இருந்தது. நாலு மில்லியைவிட எவ்வளவோ அதிகம், சரி என்று குறித்துவிட்டார்கள். மூன்று வண்டிகளில் சக்கரம் பலகையை உரசி, ஒரே பக்கமாக இழுத்து வட்டமடித்தது. பிள்ளைகள் படித்தபடி சரியாகத்தான் செய்தார்கள். அப்படிப் படிக்க இடம் கொடுக்காத ஒரு சொல் வேண்டும்.

தஞ்சாவூர், ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர், செவ்வாய் காலை

அம்மா, ‘ஒதுக்கம்’ என்று வையுங்கள். சக்கர ஒதுக்கம், தரையொதுக்கம். ஒன்று மற்றொன்றுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்பதுதானே நீங்கள் கேட்பது? சங்க இலக்கியத்தில் ஒதுங்குதல் என்றால் நடத்தல் என்றும் பொருள் உண்டு. ஒதுக்கம் என்பதே நடை. மெல்ல ஒதுங்கி வருகிறாள் என்றால் மெல்ல நடந்து வருகிறாள். ஓரமாக நடப்பதிலிருந்து விலகி நிற்பது வந்ததா, விலகுவதிலிருந்து நடை வந்ததா என்று நெடுநாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். ‘ஒது’ என்ற அடியை ‘ஒரு’வோடு, ‘ஒருவுதல்’ அதாவது நீங்குதலோடு, சேர்த்துப் பார்க்கலாம் என்பது என் எண்ணம். நடக்கும் பொறிக்கு நடையும் விலக்கமும் ஒரே சொல்லில் கிடைப்பது அரிது.

கொடைக்கானல், அரசு அலுவலக மொழிபெயர்ப்பாளர், செவ்வாய் காலை

எங்கள் அலுவலகத்தில் இந்தச் சொல் தினமும் வருகிறது. கட்டட வரைபடத்துக்கு, மரம் வெட்டுவதற்கு, எல்லாவற்றுக்கும். ‘தடையின்மை’ என்று போடுகிறோம். யாரிடம் வாங்க வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

கோத்தகிரி ஆசிரியை, செவ்வாய் மதியம்

சார், இது சான்று இல்லை, மில்லிமீட்டரில் அளக்கிற இடம். ஆனால் தடையில்லாமல் சுற்ற வேண்டும் என்ற கருத்து இதிலும் இருக்கிறது.

ஐயா, ஒதுக்கத்தின் சங்கப் பொருளை இன்றுதான் தெரிந்துகொண்டேன். வகுப்பில் அதைப் பயன்படுத்த மனம் வரவில்லை. மலையில் சில வீடுகளில் மாதத்தில் மூன்று நாள் பெண்ணைத் தனியே உட்கார வைப்பதை இன்னும் ஒதுக்கி வைப்பது என்றுதான் சொல்கிறார்கள். ஊர் ஒதுக்குவதும் இதே சொல்தான். என் பிள்ளைகள் ஒதுக்கம் என்றதும் அதைத்தான் நினைப்பார்கள்.

குன்னூர், ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், செவ்வாய் மாலை

டீச்சர், எனக்கு இலக்கணம் தெரியாது. பட்டறையில் நாங்கள் இரண்டு சொல் வைத்திருந்தோம். வண்டி சும்மா நிற்கும்போது இரண்டு உறுப்புக்கு நடுவே கண்ணுக்குத் தெரிவது கேப்பு. கையால் பிடித்து ஆட்டினால் எவ்வளவு அசைகிறதோ அது ஆட்டம். கேப்பு எப்போதும் ஆட்டத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். நீராவி இஞ்சினோ உங்கள் பிளாஸ்டிக் சக்கரமோ, கணக்கு ஒன்றுதான். மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் ரயிலுக்குக் கல்லாறு தாண்டியதும் நடுவில் பல்தண்டவாளம் தொடங்குகிறது. அங்கே பல்லும் பல்லும் கடிக்கிற இடத்தில் ஆட்டம் துளியும் இல்லையென்றாலும் இறுகிவிடும், அதிகமானாலும் பல் தேயும்.

அதனால் ‘ஆட்டவெளி’ என்று சொல்லலாமே? ஆடுவதற்கு விட்ட வெளி.

கோவை, ரோபோ சட்டங்கள் வடிவமைப்பவர், செவ்வாய் இரவு

குன்னூர் ஐயா சொன்னதுதான் இதில் சாரம். டீச்சர் கேட்கும் 4 மி.மீ. எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் புரியும். இந்த வண்டிகளில் வருவது மஞ்சள் பிளாஸ்டிக் கியர்பெட்டி வைத்த பி.ஓ. மோட்டார், 65 மி.மீ. சக்கரம். தண்டும் பிளாஸ்டிக், சக்கரத்தின் குடமும் பிளாஸ்டிக். ஒரு சுற்றில் விளிம்பு ஒன்றிரண்டு மில்லி ஆடும். பாரம் ஏறினால் தண்டு வளைந்து சக்கரத்தின் மேற்பகுதி உள்ளே சாயும். மோட்டாரைக் குறுக்கே துளைத்துப் போகும் இரண்டு நீளத் திருகுகளும் இருக்கின்றன. நட்டைச் சக்கரப் பக்கம் போட்டால் திருகின் முனையும் சேர்ந்து 5 மி.மீ. வரை நீட்டிக்கொண்டு சக்கரத்தில் இடிக்கும். தலையைச் சக்கரப் பக்கமும் நட்டை உள்ளேயும் வைத்தால் இரண்டு மில்லிச் சொச்சத்தோடு முடியும். உரசிய மூன்று வண்டிகளில் இதையும் பாருங்கள். சோதிக்க அளவுகோல்கூட வேண்டாம். தீக்குச்சியைச் சக்கரத்துக்கும் பலகைக்கும் நடுவே பிடித்துக்கொண்டு சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு சுற்று முழுக்க எங்கும் சிக்கக் கூடாது.

ஆனால் தரைக்கும் வண்டியின் அடிக்கும் உள்ளது வேறு விஷயம். அங்கே ஆடுவது எதுவும் இல்லை. தரைதான் மேலே வருகிறது. ஆட்டவெளி அங்கே பொருந்தாது. ஒரே சொல்லால் இரண்டையும் சொல்லப் பார்ப்பதுதான் சிக்கலோ என்று நினைக்கிறேன்.

கோத்தகிரி ஆசிரியை, செவ்வாய் இரவு

திருகைப் பார்த்தேன். இரண்டு வண்டிகளில் நட்டு வெளியேதான் இருந்தது. நன்றி தம்பி.

தரை விஷயத்திலும் ஒரு சிக்கல். 20 பாகை சரிவுப் பலகையில் வண்டி ஏறி மேல்தளத்தில் இறங்க வேண்டும். உச்சியில் நடுவயிறு மாட்டிக்கொண்டு சக்கரம் வெறுமனே சுற்றுகிறது. பேட்டரித் தட்டு தரையிலிருந்து 11 மி.மீ. உயரத்தில் தொங்குகிறது. பின் சக்கரத்துக்கும் முன் உருளைக்கும் நடுவே 15 செ.மீ.

கோவை, புதன் காலை

11 போதாது. வண்டியின் நடு உச்சியின் மேல் நிற்கும்போது சக்கரங்கள் இரு பக்கமும் கீழே இருக்கும், சரிவின் உச்சி முனை மேலே எழும். 15 செ.மீ. நீளம், 20 பாகைச் சரிவு என்றால் வண்டியின் நடுவில் அது 13 மி.மீ. எழுகிறது. அதனால்தான் மாட்டுகிறது. எங்கே மாட்டுகிறது என்று பார்க்க, உச்சி விளிம்பில் சாக்பீஸ் தேய்த்து வண்டியை ஏற்றுங்கள். தட்டின் அடியில் வெள்ளைக் கோடு விழும்.

தட்டைப் பலகைக்கு மேலே தூக்கி வைக்க ஆசை வரும், வேண்டாம். பாரம் உயர்ந்தால் சரிவில் பின்பக்கம் சாயும். தட்டைப் பின் அச்சுப் பக்கம் நகர்த்துங்கள். முனை எழுவது நடுவில்தான் அதிகம், அச்சை நெருங்க நெருங்கக் குறைகிறது. தட்டு 4 செ.மீ. அகலம் என்றால், அதைக் குறுக்காக வைத்து அச்சிலிருந்து முன்னோக்கி 4 செ.மீ.க்குள் அடக்கினால் 10 மி.மீ. போதும். தட்டுக்கும் பலகைக்கும் நடுவே உள்ள 10 மி.மீ. கட்டைகளை 5 ஆக்குங்கள், அடியில் 16 கிடைக்கும். அச்சுக்குப் பின்னே மட்டும் தள்ளாதீர்கள், முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். இப்படி வைத்தால் பாரமும் ஓட்டும் சக்கரத்தின் மேல் விழுந்து பிடிப்பு கூடும்.

தஞ்சாவூர், புதன் காலை

அச்சின் மேல் பாரம் என்றதும் குறள் 475 நினைவுக்கு வருகிறது. மயிற்பீலியே ஆனாலும் அளவுமீறி ஏற்றினால் சாகாட்டின் அச்சு இறும். சாகாடு, சகடம் என்ற இரண்டையும் வைத்து அடிச்சட்டத்துக்கே ‘சகடம்’ என்று...

கோத்தகிரி ஆசிரியை, புதன் காலை

ஐயா, அடிச்சட்டம் அச்சுக்குப் போய்விட்டது. பிள்ளைகள் இப்போதே ‘உரசக் கூடாத இடம்’ என்றுதான் பேசுகிறார்கள். அதையே ‘உரசா இடைவெளி’ என்று வைக்கலாமா?

கொடைக்கானல், புதன் மதியம்

உரசாதது சக்கரம்தானே, இடைவெளி எப்படி உரசும்? வாக்கியமே தப்பு.

தஞ்சாவூர், புதன் மதியம்

தப்பில்லை. ‘உண்ட இல்லம்’ என்கிறோம். இல்லம் உண்ணவில்லை, உண்டது அங்கே. பெயரெச்சம் கொள்ளும் ஆறு பெயர்களில் நிலமும் ஒன்று என்பது நன்னூல். உரசா என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். வல்லினம் வந்தால் மிகும், இங்கே உயிர்தான் வருகிறது, பிரச்சினை இல்லை. இலக்கணம் இடம் கொடுக்கிறது. ஆனால் இது ஒரு விளக்கம், பெயர் ஆகாது. நான் ஒதுக்கத்தின் பக்கமே நிற்கிறேன்.

குன்னூர், புதன் மாலை

உரசா இடைவெளி எனக்குச் சரி. தரை விஷயத்துக்கு ‘அடி உயரம்’ போதுமே. மலைப்பாதையில் ஓட்டுகிறவர்கள் ‘அடி தட்டுது’ என்றுதானே சொல்கிறார்கள்.

கொடைக்கானல், புதன் மாலை

‘அடி உயரம் 16’ என்று தாளில் பார்த்தால் பதினாறு அடி என்று படிப்பார்கள்.

கோத்தகிரி ஆசிரியை, புதன் இரவு

இது சரியான எச்சரிக்கை சார். இடைவெளியில் ஒருமுறை பட்டுவிட்டேன். மாலையில் பிள்ளைகளிடமே கேட்டேன். வண்டி மாட்டியபோது அவர்கள் சொன்னது ‘வயிறு இடிக்குது டீச்சர்’. அதனால் ‘வயிற்று உயரம்’ என்று போடுகிறேன். சக்கரத்துக்கு ‘உரசா இடைவெளி’, பக்கத்தில் விளிம்பையும் உள்முகத்தையும் காட்டும் அம்புக்குறிப் படம். தட்டைப் பின்னே நகர்த்தினோம், கட்டையையும் மாற்றினோம். இன்று நாலு வண்டி ஏறின. ஐந்தாவதில் சாக்பீஸ் கோடு தட்டில் விழவில்லை, தொங்கிய வயரில் விழுந்திருந்தது.

கோவை, புதன் இரவு

திருகுத் துளைக்கு என்ன போட்டீர்கள்? 3 மி.மீ. திருகுக்கு வரைபடத்தில் 3.4 விட்டம் கொடுத்திருக்கிறீர்கள், அதுவும் கிளியரன்ஸ்தான். அங்கே உரசினாலும் பரவாயில்லை, நுழைந்தால் போதும்.

தஞ்சாவூர், புதன் இரவு

‘இளக்கம்’. அல்லது ஒதுக்கம்.

கோத்தகிரி ஆசிரியை, வியாழன் காலை 5 மணி

அதற்குச் சொல் எதுவும் போடவில்லை. ‘துளை 3.4’ என்று மட்டும் எழுதி வரைபடத்தை முதல் பஸ்ஸில் கொடுத்துவிட்டேன். இளக்கம் பற்றி மற்றவர்கள் சொல்லுங்கள், அடுத்த மாதம் இரண்டாம் தாள் வருகிறது.