புதுத் தொழிலைத் தெரிந்தவர்களிடம் சொன்ன விதம்: எங்கே பிசகியது?

பேரேடு: 12 ஆண்டுகள் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருந்துவிட்டு, சென்ற மாதம் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கும் தொழிலைத் தனியாகத் தொடங்கினேன். அன்றிரவே, தெரிந்தவர்கள் ஏறக்குறைய 140 பேருக்கு வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியை அனுப்பினேன். "12 ஆண்டு அனுபவத்தின் அடுத்த மைல்கல்லாகச் சொந்த நிறுவனத்தைத் தொடங்கியிருப்பதைப் பெருமையுடன் அறிவிக்கிறேன், உங்கள் ஆதரவை வேண்டுகிறேன்" என்பதே அந்தச் செய்தி. பூங்கொத்துப் படங்கள் நிறைய வந்தன. என்ன தொழில் என்று ஒருவரும் கேட்கவில்லை. மறுநாள் படித்துப் பார்த்தால், என்ன தொழில் என்பதை நான் எழுதவே இல்லை. அதைவிட உறுத்தியது வேறொன்று. சில மாதங்களாக வேலையின்றி இருக்கும் நெருங்கிய நண்பர் ஒருவர், செய்தியைப் பார்த்ததற்கான நீலக்குறி விழுந்த பிறகும் ஒரு சொல் எழுதவில்லை.

ஊசிநூல்: நான் எதிர்ப்பக்கம் சறுக்கினேன். தற்பெருமையாகத் தோன்றிவிடக் கூடாது என்று அஞ்சி, "வீட்டில் சும்மா இருப்பதற்கு ஏதோ தைத்துக்கொண்டிருக்கிறேன்" என்று எழுதினேன். அதை எல்லோரும் அப்படியே நம்பிவிட்டார்கள். அடுத்த இரண்டு வாரங்களில் ஐந்து பேர் துணியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கூலி என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. தொழில் என்று நானே சொல்லாதபோது அவர்களைக் குறை சொல்வதும் நியாயமில்லை.

மடித்த கடிதம்: பழைய மேலாளரிடம் முதலில் சொல்லிவிட்டீர்களா? நான் வேலையை விடும் செய்தி அவர் காதுக்கு வேறு வழியாகப் போய்ச் சேர்ந்து, கடைசி மாதம் முழுவதும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பேரேடு: அது முறைப்படி முடிந்துவிட்டது ஐயா. நான் கேட்பது நண்பர்களையும் உறவினர்களையும் பற்றி.

முன்னிருக்கை: இரண்டு முறை வேலை மாறி, ஒரு முறை தொழில் தொடங்கி, மூன்று முறையும் இப்படிச் செய்தி எழுதியவள் நான். உங்கள் செய்தியில் உறுத்துவது "பெருமையுடன்" என்ற சொல் மட்டுமன்று. முழுச் செய்தியும் உங்களைப் பற்றியதாகவே இருப்பதால், படிப்பவருக்குக் கைதட்டுவதைத் தவிர வேறு வேலையில்லை. "ஆதரவு" என்றால் பணமா, வாடிக்கையாளரா, வாழ்த்தா என்பதும் தெரியவில்லை. நான் எழுதியிருந்தால் இப்படி எழுதியிருப்பேன்: "கணக்குப் பிரிவு வேலையை விட்டுவிட்டேன். இந்த மாதம் முதல் சிறு கடைகளுக்கு மாதக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். பில்களை அட்டைப்பெட்டியில் போட்டு வைத்துவிட்டு ஆண்டு முடிவில் திண்டாடும் கடைக்காரர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், என் எண்ணைக் கொடுங்கள். இல்லையென்றால் பதில் எழுத வேண்டியதில்லை." அந்த அட்டைப்பெட்டியைப் படித்ததும் யாரோ ஒருவருடைய முகம் நினைவுக்கு வர வேண்டும். கடைசி வாக்கியத்தை நீக்கிவிடாதீர்கள். சங்கடத்தைத் தீர்ப்பது அதுதான்.

நிழற்குடை: இதற்குக் குழுவைவிட ஒலிபரப்புப் பட்டியல் நல்லது. ஒவ்வொருவருக்கும் தனிச் செய்தியாகவே போகும். பதிலும் உங்களுக்கு மட்டுமே வரும். எல்லோருக்கும் ஒரே தட்டில் அனுப்பிவிடலாம்.

முன்னிருக்கை: தனித்தனியாகப் போகும் என்பது சரி; எல்லோருக்கும் போகும் என்பது சரியில்லை. உங்கள் எண்ணைத் தம் கைபேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது சேரும். ஒரே ஒரு சாம்பல் குறியுடன் நாள்கணக்கில் நின்றால், இதுவும் காரணமாக இருக்கலாம். என் மூத்த அத்தைக்கு இப்படித்தான் சேராமல் போனது. "ஊருக்கெல்லாம் சொன்னாயாமே" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. அதன் பிறகு, மனம் நோகக்கூடிய ஏழெட்டுப் பேரிடம் முதலில் தொலைபேசியில் சொல்லிவிட்டு, மறுநாள்தான் மற்றவர்களுக்கு எழுதுகிறேன்.

ஊசிநூல்: கூலி பற்றிய வரி இல்லையே? "கட்டணம் கடையின் அளவைப் பொறுத்தது" என்றாவது எழுதாவிட்டால், இலவசம் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

முன்னிருக்கை: நெருங்கியவர்களுக்கு எழுதும் முதல் செய்தியிலேயே கட்டணமா? எனக்கு அது துண்டறிக்கை போல ஒலிக்கிறது. ஆனால் நீங்கள் பட்டவர். நான் அழுத்திச் சொல்லமாட்டேன்.

பேரேடு: முன்னிருக்கை அவர்களின் வாசகத்தைச் சற்று மாற்றி, இம்முறை 30 பேருக்கு மட்டும், பெயர் சொல்லி விளித்துத் தனித்தனியாக அனுப்பினேன். "கட்டணம் உண்டு, கடையைப் பார்த்துவிட்டுச் சொல்வேன்" என்ற வரியையும் சேர்த்தேன். 9 பேர் பதில் எழுதினார்கள். அவர்களில் இருவர் வாழ்த்துகூடச் சொல்லாமல் நேரடியாக ஒரு கடைக்காரரின் எண்ணை அனுப்பியிருந்தார்கள். வேலையின்றி இருக்கும் நண்பருக்கு அதை அனுப்ப மனம் வரவில்லை; தொலைபேசியில் அழைத்தேன். அரை மணி நேரம் பேசினோம். என் தொழிலைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை. நீங்கள் வேலை இழந்திருந்தபோது உங்களிடம் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால், எப்படிச் சொன்னார்கள் என்பதை எழுதுங்கள்.