துணி விழும் தன்மைக்கு என்ன சொல்? தொய்வு, விழுகை, துவள்வு

வாணி:
அனைவருக்கும் வணக்கம். தையல் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். துணி உடம்பிலிருந்து மடிப்பு மடிப்பாக இறங்கி நிற்கும் தன்மையை ஆங்கிலத்தில் டிரேப் என்கிறார்கள். இப்போதைக்குத் 'தொய்வு' என்று போட்டிருக்கிறேன், ஆனால் மனசுக்கு ஒட்டவில்லை. நெசவுத் துணி, பின்னல் துணி இரண்டுக்கும் பொருந்துகிற சொல்லாக வேண்டும்.

கதிர்:
'நெகிழ்வு' போதுமே. பின்னல் துணியில் லைக்ரா இருப்பதால் அது இழுபடும். இழுபடுகிற துணிதான் நன்றாகத் தொங்கும். இரண்டும் ஒரே குணம்தான், ஒரே சொல் வைத்துவிடலாம்.

மரியம்:
கதிர் தம்பி, டி-சர்ட் துணி லைக்ரா இல்லாமலே இழுபடும். முழுப் பருத்தியில் பின்னிய துணியைக் குறுக்கே இழுத்துப் பாருங்கள். அதில் நூல் நீளுவதில்லை. நூல் வளையம் வளையமாகக் கோத்திருக்கிறது, இழுத்ததும் வளையம் அகலமாகிறது, உயரம் குறைகிறது. லைக்ராவின் முக்கிய வேலை, இழுத்ததை விட்டதும் பழைய அளவுக்குத் திரும்ப வைப்பது. அது இல்லாத பருத்திப் பின்னலில் முழங்கை, முழங்கால் பக்கம் புடைத்துப்போய் அப்படியே நின்றுவிடும்.

நெசவில் நீளவாட்டு நூலான பாவும் குறுக்கு நூலான ஊடையும் செங்குத்தாக ஒன்றின் மேலும் கீழுமாகப் போகின்றன. பாவு வழியே இழுத்தால் நூலில் இருக்கிற சின்ன நெளிவு நிமிரும், அவ்வளவுதான். ஆனால் அதே துணியை மூலைவாட்டமாக, தையற்காரர்கள் 'கிராஸ்' என்கிற 45 பாகையில், இழுங்கள். தாராளமாக நீளும். அங்கே நூல்கள் ஒன்றன் மேல் ஒன்று திரும்புகின்றன, சதுரக் கட்டங்கள் சாய்சதுரம் ஆகின்றன.

துணி விழுவதற்கும் இந்தத் திரும்பல்தான் காரணம். வட்டமாக வெட்டிய தாளை ஒரு டப்பா மேல் வைத்தால் விறைத்து நிற்கும், ஏனென்றால் தாள் ஒரு நேரத்தில் ஒரு திசையில்தான் வளையும். துணி கட்டம் சரிந்து கொடுப்பதால் இரண்டு திசையிலும் சேர்ந்து வளைகிறது, அலை அலையாக இறங்குகிறது. நன்றாக விழுகிற பருத்தித் துணி ஒன்றுக்குக் கஞ்சி போட்டுப் பாருங்கள். அதே நூல், அதே நெசவு. நூல்கள் வெட்டும் இடங்கள் ஒட்டிக்கொள்கின்றன, நூலும் விறைக்கிறது, துணி எழுந்து நிற்கிறது. அலசிவிட்டால் மறுபடி விழும்.

ஆகவே இழுபடுவது வேறு, விழுவது வேறு. ஜார்ஜெட் நெசவுத் துணி, அழகாக விழும். கனமான இரட்டைப் பின்னல் இழுபடும், ஆனால் பலகை மாதிரி நிற்கும்.

சேது:
இது என் பிரச்சினைக்கும் பொருந்துமா பாருங்கள். டி-சர்ட்டுக்கான வெட்டு வடிவத்தை வைத்து நல்ல பாப்ளினில் மகளுக்கு மேலாடை தைத்தேன். தலை நுழையவில்லை, கையைத் தூக்கினால் அக்குளில் பிடிக்கிறது. பாப்ளின் விழாத துணி என்பதாலா?

மரியம்:
இல்லை சேது அண்ணா, அது இழுபடாததால். பின்னல் துணிக்கான வடிவங்களில் பலவற்றை உடம்பளவைவிடக் குறைத்தே போடுவார்கள். மார்பளவு 80 செ.மீ. என்றால் உடை 76 செ.மீ. இருக்கும், மீதியைத் துணி இழுபட்டுத் தந்துவிடும். பாப்ளினுக்கு அதே உடம்பில் 88க்கு மேல் வைத்தால்தான் கை தூக்க முடியும், மூச்சு விட முடியும். தலை நுழைய ஒரு திறப்பும் பட்டனும் வேண்டும். அக்குளில் பெரிய துண்டு ஒட்டுப் போட்டுக் காப்பாற்றலாம், ஆனால் புதிதாக வெட்டுவதே நல்லது.

இனிமேல் வெட்டுவதற்கு முன் துணியில் 10 செ.மீ. குறித்துக்கொண்டு, வலுக்கட்டாயம் இல்லாமல் இழுத்து, அளவுகோலில் பாருங்கள். 12.5 வந்தால் 25 விழுக்காடு. வடிவத்தில் கேட்டிருக்கும் அளவு அதைவிட அதிகம் என்றால் அந்தத் துணி வேண்டாம். விட்டதும் 10க்குத் திரும்புகிறதா என்பதையும் பாருங்கள்.

இளங்கோ:
சொல்லுக்கு வருவோம். 'நெகிழ்வு' இழுபடுவதையும் வளைவதையும் கலந்துவிடும், அதனால் விட்டுவிடலாம். 'துணி நல்லா விழுது' என்று தைப்பவர்கள் ஏற்கனவே சொல்கிறார்கள். அதிலிருந்து 'விழுகை' எடுக்கலாம். தொய்வில் என்ன குறை, மரியம்?

மரியம்:
தொய்வு வேறொன்றுக்குத் தேவைப்படுகிறது ஐயா. முழுவட்டப் பாவாடை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இடுப்பு 70 செ.மீ., அப்படியானால் இடுப்பு வட்டத்தின் ஆரம் 11 செ.மீ. சொச்சம். நீளம் 60. நெசவுத் துணியில் வெட்டினால் ஒரே வட்டத்துக்குள் பாவு நேராகத் தொங்கும் இடம் இரண்டு, ஊடை நேராகத் தொங்கும் இடம் இரண்டு, இடையில் மூலைவாட்டம் நான்கு. வெட்டும்போது எல்லாப் பக்கமும் சரியாக 60 தான். மாட்டி வைத்தால் ஒரு நாளில் அந்த நான்கு மூலைவாட்ட இடங்கள் மட்டும் கீழே இறங்கும். மெல்லிய ரேயானில் இரண்டு மூன்று செ.மீ. இறங்குவது சாதாரணம். அதனால்தான் ஒரு நாளாவது தொங்கவிட்டு, தரையிலிருந்து அளந்து ஓரத்தைச் சமமாக வெட்டி, பிறகு மடித்துத் தைக்கிறோம்.

டி-சர்ட் துணி மாதிரியான ஒற்றைப் பின்னலில் அதே பாவாடை வேறு மாதிரி இறங்கும். அந்தத் துணி நீளவாட்டைவிட அகலவாட்டில் அதிகம் இழுபடும். அகலவாட்டு செங்குத்தாக வரும் இரண்டு பக்கமும் பெரும்பாலும் கூடுதலாக இறங்கிவிடும். நான்கு இடத்தில் தாழ்ந்ததா, இரண்டு இடத்திலா என்று பார்த்தாலே பல சமயம் துணி எது என்று தெரியும். இப்படித் தன் எடையால் நிரந்தரமாக இறங்குவதுதான் தொய்வு. விழும் அழகு வேறு. அந்த அழகுக்கு நான் 'துவள்வு' என்பேன்.

வாணி:
துவள்வு எனக்குப் பிடித்திருக்கிறது அக்கா. ஆனால் துவண்டுபோன ஆள் என்பது போலச் சோர்வு தொனிக்கிறதே?

இளங்கோ:
எனக்கும் அதே தயக்கம். இன்னொன்றும் இருக்கிறது. துணி எப்படி விழுகிறது என்பதை அளக்கும் கருவியில் 30 செ.மீ. வட்டத் துணியை 18 செ.மீ. தட்டின் மேல் வைத்து நிழலை அளக்கிறார்கள். துணியின் பரப்பு சுமார் 707 சதுர செ.மீ., தட்டின் பரப்பு 254. நிழல் 480 வந்தால் இரண்டிலும் தட்டைக் கழித்துவிட்டு 226ஐ 453ஆல் வகுப்பார்கள். ஏறக்குறைய 50 விழுக்காடு. விறைத்த துணிக்கு இந்த எண் 100ஐ நெருங்கும். இதற்குத் 'துவள்வெண்' என்று பெயர் வைத்தால், எண் கூடக் கூடத் துவள்வு குறையும். படிப்பவர் தலைகீழாகப் புரிந்துகொள்வார். 'விழுகை எண்' என்றாலும் அதே கதிதான்.

மரியம்:
அப்படியானால் எண்ணுக்கு 'நிழல் விகிதம்' என்று தனிப் பெயர் வைத்துவிடலாம், அது அளப்பதும் நிழலைத்தானே. அந்த எண்ணை முழுசாக நம்பவும் முடியாது. ஒரே விகிதம் வரும் இரண்டு துணிகளில் ஒன்றுக்கு ஐந்து அகலமான மடிப்பும் இன்னொன்றுக்கு எட்டுச் சின்ன மடிப்பும் விழலாம், உடம்பில் அவை வேறு வேறு உடை. ஒற்றைப் பின்னலை வட்டமாக வெட்டினால் ஓரம் சுருண்டுகொள்ளும், நிழலின் அளவே கெட்டுப்போகும்.

கதிர்:
சரி, லைக்ரா விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 'பின்னல்' என்பதையும் யோசியுங்கள். சடையும் பின்னல், கூடையும் பின்னல். வளையம் கோப்பதற்கு அது போதுமா?

இளங்கோ:
நியாயமான கேள்வி. ஆனால் பின்னலாடை என்பது ஊர் முழுக்கப் பரவிவிட்ட சொல், அதை மாற்ற வேண்டாம். ஊசியால் கோக்கிற அந்த ஒரு சுற்றுக்கு மட்டும் 'கண்ணி' என்று வைத்தால் குழப்பம் குறையும்.

வாணி:
கையேட்டில் இழுபடுவதற்கு 'இழுபாடு', எடையால் இறங்குவதற்குத் 'தொய்வு', வளையத்துக்குக் 'கண்ணி', கருவி எண்ணுக்கு 'நிழல் விகிதம்' என்று எழுதிவிடுகிறேன். துவள்வா விழுகையா என்பதை மட்டும் இன்னும் திறந்தே வைத்திருக்கிறேன். விறைப்பான துணியைப் பற்றிய அத்தியாயத்தை இரண்டு சொல்லிலும் எழுதி அனுப்புகிறேன், எது தடுக்குகிறது என்று படித்துச் சொல்லுங்கள்.