வெப்பியில் தரம் 100 வைத்தும் சிவப்பு எழுத்து மங்குகிறது

முதுநகர்க்காரன்:
கடலூர் துறைமுகத்தில் ஒரு படகை எடுத்தேன். நீல முகப்பில் சிவப்பு வண்ணத்தில் பெயர், ஓரத்தில் வெள்ளையில் பதிவு எண். ஜிம்ப்பில் நான்கு இரவுகள் திருத்தினேன். ஒவ்வொரு இரவும் வெப்பியாகத் தரம் 90 வைத்துச் சேமித்து, மறுநாள் அதையே திறந்து தொடர்ந்தேன். இப்போது 400 சதவீதம் பெரிதாக்கினால் சிவப்பு எழுத்தின் விளிம்பில் ஊதா நிறம் கசிந்து நிற்கிறது. வெள்ளை எண் மட்டும் கூர்மையாகவே இருக்கிறது. மூலக்கோப்பிலிருந்து புதிதாகத் தொடங்கித் தரம் 100 வைத்தும் அதே கசிவு. பிஎன்ஜி, வெப்பி, ஏவிஐஎஃப் மூன்றில் எதை நம்புவது?

நெல்லித்தோப்பு:
தம்பி, ஏவிஐஎஃப்தான் மூன்றிலும் புதியது, அதையே பயன்படுத்துங்கள். பிஎன்ஜி வேண்டுமென்றால் சுருக்க அளவை 0 என்று வையுங்கள். 9 வைத்தால் படம் கெடும்.

பாகூர் ஏரிக்கரை:
நெல்லித்தோப்பு அண்ணா, பிஎன்ஜியில் 0-க்கும் 9-க்கும் படத்தில் ஒரு புள்ளிகூட மாறாது. கோப்பின் அளவும் சேமிக்க ஆகும் நேரமும்தான் மாறும்.

முதுநகர்க்காரரே, நான்கு முறை திருப்பிச் சேமித்தது கேட்டைக் கூட்டியிருக்கும். ஆனால் முதல் சேமிப்பிலேயே எழுத்து கெட்டுவிட்டது. இழப்புள்ள வெப்பி எப்போதும் 4:2:0 முறையில்தான் எழுதும். ஒளியின் அளவு ஒவ்வொரு புள்ளிக்கும் தனியாக இருக்கும், நிறமோ இரண்டுக்கு இரண்டு என நான்கு புள்ளிகளுக்கு ஒன்றுதான். நீலத்தின் மேல் வெள்ளை என்றால் ஒளி வேறுபாடே விளிம்பைக் காத்துவிடும். கருஞ்சிவப்பும் நீலமும் ஏறத்தாழ ஒரே ஒளியில் இருப்பவை; அவற்றைப் பிரிப்பது நிறம் மட்டுமே. அந்த நிறத்தைப் பாதியாக்கினால் ஊதாதான் மிஞ்சும். தரம் 100 வைத்தாலும் இது மாறாது, ஏனென்றால் 100 என்பது இழப்பில்லை என்று பொருளல்ல.

ஜிம்ப்பில் வெப்பியாக ஏற்றுமதி செய்யும்போது `Lossless` என்ற கட்டத்தைத் தனியாகக் குறியிட வேண்டும். கட்டளை வழியே என்றால், முதலில் பிஎன்ஜியாக எடுத்துக்கொண்டு இப்படி:

```
cwebp -lossless -exact padagu.png -o padagu.webp
magick compare -metric AE padagu.png padagu.webp null:
```

இரண்டாவது வரி மாறிய புள்ளிகளை எண்ணும். 0 வந்தால் இரண்டும் ஒன்றே. கண்ணை நம்பாதீர்கள், எண்ணை நம்புங்கள்.

வில்லியனூர் மாடிவீடு:
எனக்கும் இதே கதைதான். திருமணப் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மங்கிவிடுகின்றன. எந்த வடிவத்தில் அனுப்பினால் மங்காது?

பாகூர் ஏரிக்கரை:
அக்கா, அது வேறு சிக்கல். படமாக அனுப்பினால் அங்கே மறுபடி சுருக்கப்படும். ஆவணமாக இணைத்து அனுப்பிப் பாருங்கள்.

நெல்லித்தோப்பு:
சுருக்க அளவு விஷயத்தில் நான் சொன்னது தவறு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஏவிஐஎஃப்பில் 4:4:4 உண்டே? அதில் சிவப்பு கசியாது அல்லவா?

பாகூர் ஏரிக்கரை:
உண்டு, 10, 12 பிட்டும் உண்டு. கோப்பு சிறியதாக இருக்க வேண்டும், கொஞ்சம் இழந்தாலும் பரவாயில்லை என்றால் 4:4:4 வைத்த ஏவிஐஎஃப்பைத்தான் நானும் எடுப்பேன். முழுக்க இழப்பில்லாமல் என்று வந்தால் அது தன் பலத்தை இழந்துவிடுகிறது. என் படங்களில் இழப்பில்லா வெப்பியே பெரும்பாலும் அதைவிடச் சிறியதாக வந்தது.

முதுநகர்க்காரரே, ஒன்று கேட்க வேண்டும். மூலம் கைப்பேசி ஜேபெக்கா, கேமரா ராவா? வானத்தைத் திருத்தினீர்களா?

முதுநகர்க்காரன்:
ரா கோப்பு. ஜிம்ப்பில் 16 பிட்டில் திறந்தேன். விடியற்கால வானத்தைக் கொஞ்சம் இருட்டாக்கினேன்.

பாகூர் ஏரிக்கரை:
அப்படியானால் வெப்பியை வேலைக்கோப்பாக வைக்கவே கூடாது. `Lossless` குறியிட்டாலும் அது நிறத்துக்கு 8 பிட்தான், அதாவது 256 படிகள். 16 பிட்டிலிருந்து இறங்கும்போதே மீதிப் படிகள் போய்விடும். அதற்குப் பிறகுதான் இழப்பில்லாமல் எழுதும். மறுநாள் அதே வானத்தை மறுபடி இழுத்தால் பட்டை பட்டையாகத் தெரியும். திருத்தம் முடியும்வரை `.xcf`, அடுக்குகளை ஒன்றாக்கியபின் 16 பிட் பிஎன்ஜி. வெப்பி கடைசிப் பிரதிக்கு மட்டும்.

முதுநகர்க்காரன்:
மூலத்திலிருந்து மறுபடி செய்தேன். 8 பிட் பிஎன்ஜியோடு வெப்பியை ஒப்பிட்டேன், 0 வந்தது. சிவப்பு எழுத்து கத்தியால் வெட்டியதுபோல நிற்கிறது. ஆனால் வெப்பியிலும் 8 பிட் பிஎன்ஜியிலும் வானத்தின் மேல் மூலையில் மெல்லிய பட்டை ஒன்று தெரிகிறது. 16 பிட் பிஎன்ஜியிலும் அப்படித்தான். திரையின் குறையா, நான் இருட்டாக்கியது அதிகமா?

நெல்லித்தோப்பு:
உங்கள் திரை 8 பிட்டாக இருக்கலாம். மாலையில் வேறு திரையில் பார்த்துச் சொல்லுங்கள், தம்பி.