கார் கண்ணாடியில் 50 விழுக்காடு பிலிம்: குற்றமா, இல்லையா?

இளவேனில்: பக்கக் கண்ணாடிகள் 50 விழுக்காடு ஒளியை உள்ளே விட்டால் போதும் என்பது விதி. கடையில் 50 என்று அச்சிட்ட பிலிம் கிடைக்கிறது. அதை ஒட்டினால் அபராதம் விதிக்க முடியுமா?

கதிரவன்: முடியும். உச்ச நீதிமன்றம் 2012-இல் எந்த அளவுள்ள கருப்பு பிலிமையும் கண்ணாடியில் ஒட்டக் கூடாது என்று தீர்ப்பளித்துவிட்டது. எனவே 50, 70 என்று எண்களை வைத்து விவாதிப்பதே வீண்.

மணிமேகலை: அத்தீர்ப்பு மத்திய மோட்டார் வாகன விதிகளில் அன்றிருந்த 100-ஆம் விதியை ஒட்டி எழுந்தது. அவ்விதி பின்னர் திருத்தப்பட்டு, 2021 ஏப்ரல் முதல், உட்புறம் பிளாஸ்டிக் படலம் கொண்ட கண்ணாடியும் ஏற்கப்படுகிறது. இதைக் கொண்டே கேரள உயர் நீதிமன்றம் 2024-இல், வரம்புக்குள் இருக்கும் படலத்துக்காக அபராதம் விதிக்கலாகாது என்றது.

ஆனால் இளவேனிலின் கணக்கு தவறு. விதி கேட்பது பிலிமின் அளவையன்று; கண்ணாடியும் பிலிமும் சேர்ந்து உள்ளே விடும் ஒளியின் அளவை. நிறுவனம் பொருத்திய பக்கக் கண்ணாடி 78 விழுக்காடு ஒளியை விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் 50 பிலிமை ஒட்டினால் மிஞ்சுவது 39 மட்டுமே. 65 பிலிம் என்றால் 50.7, மயிரிழையில் தப்பலாம். முன், பின் கண்ணாடிகளுக்கு 70 தேவை என்பதால், அதே 78 கண்ணாடியில் 90 பிலிம்கூட 70.2-இல்தான் நிற்கும். ஆகவே ஒட்டுவதற்கு முன்பே வெறும் கண்ணாடியை ஒளிமானியால் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலான கடைக்காரர்கள் இதைச் செய்வதில்லை. பிலிமின் உறையில் உள்ள எண்ணைத்தான் காட்டுகிறார்கள்.

செந்தில்: என் பைக்கின் சைலன்சரை மாற்றியபோதும் கடைக்காரர் "சான்றிதழ் உண்டு" என்றார். சோதனையில் அது செல்லவில்லை.

மணிமேகலை: அது வேறு பிரிவு. உரிமையாளரே வாகனத்தைச் சட்டத்துக்குப் புறம்பாக மாற்றியமைத்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 182அ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம்.

கதிரவன்: விதித் திருத்தத்தை ஏற்கிறேன், கேரளத் தீர்ப்பை இங்கே எடுத்துக்காட்டுவதை ஏற்கவில்லை. அது பிற மாநில நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. உச்ச நீதிமன்றம் தன் தடையை மறுபரிசீலனை செய்யாத வரையில், சாலையில் நிற்கும் காவலர் 2012-ஐயே பிடித்துக்கொள்வார்.

மணிமேகலை: காவலர் அப்படிச் செய்யலாம், மறுக்கவில்லை. ஆனால் விதியே மாறிய பின்பு பழைய விதிக்கான விளக்கம் எவ்வளவு தூரம் நிற்கும் என்பதே கேள்வி. அதில் நாம் இருவரும் உடன்படப்போவதில்லை.

இளவேனில்: அப்படியானால் 50 பிலிமை விட்டுவிடுகிறேன். முதலில் கண்ணாடியை அளக்கிறேன்.